பல்பு எரிந்ததா, பல்பு வாங்கினானா?

(காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். சப்டைட்டில் எழுதப் போகிறவர்கள் இந்த அறையில் சிலராவது இருப்பீர்கள். கல்லூரிப் படம் ஒன்று கைக்கு வந்தால், முதல் பத்து நிமிடத்துக்குள் கெத்து, மாஸ், சீன், மொக்கை, பல்பு, லூசு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒருவனை உயர்த்திச் சொல்லும் வார்த்தைகளும் முட்டாளாக்கும் வார்த்தைகளும்தான் அந்த வயதுப் பேச்சில் பாதி. இன்று அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் பயப்படுவது கெத்து, மொக்கை மாதிரியான வார்த்தைகளுக்கு. ஆங்கிலத்தில் இதற்கு என்ன சொல்வது என்று தலையைச் சொறிவார்கள். சொறிந்தால் நல்லது, யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். உண்மையில் காலை வாருவது மாஸ், சீன், பல்பு, லூசு, பூமர். ஏனென்றால் இவை ஆங்கிலம் மாதிரியே ஒலிக்கின்றன. ‘இது இங்கிலீஷ்தானே’ என்று அப்படியே விட்டுவிடத் தோன்றும்.

பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பையன்களுக்கு ‘பல்பு வாங்கினான்’ என்றால் நாலு பேர் முன்னால் அசடு வழிந்தான் என்று பொருள். ஆங்கிலக்காரருக்கோ தலைக்குமேல் பல்பு எரிந்தால் புத்தியில் ஏதோ உதித்துவிட்டது என்று பொருள். நேர் எதிர். காதில் ‘பல்பு’ கேட்டு, திரையிலும் அதே வார்த்தையைப் படிப்பவர், அவன் ஏதோ யோசனை கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் நினைப்பார். அடுத்த ஷாட்டில் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது ஏன் என்று அவருக்குப் புரியாது.

இதற்கு நான் சொல்லும் வழி, பெயர்ச்சொல்லை விட்டுவிட்டுக் கூட வரும் வினையைப் பாருங்கள் என்பதுதான். நம் கல்லூரித் தமிழில் வேலை செய்வது வினை. சீன் போடுவான், பீட்டர் விடுவான், பந்தா காட்டுவான். போடுவதும் விடுவதும் காட்டுவதும் ஒருவன் தானாகச் செய்யும் அலட்டல். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஷோயிங் ஆஃப்’ தாராளமாகப் போதும். பீட்டர் விடுவதற்கு மட்டும், தேவையில்லாத இடத்தில் இங்கிலீஷ் பேசி அலட்டுகிறான் என்பது தெரிய வேண்டும். பல்பு வாங்குவதும் மொக்கை வாங்குவதும் அடுத்தவன் கையால் அவனுக்கு நேர்ந்தவை. அங்கே ‘லுக்ட் எ ஃபூல்’, ‘காட் ஸ்னப்ட்’ மாதிரி வர வேண்டும்.

மொக்கை இதற்கு நல்ல பரீட்சை. மொக்கைக் கத்தி என்று வீட்டில் சொல்கிறோமே, கூர் மழுங்கியது, அதே வார்த்தைதான். மொக்கை ஜோக் என்றால் ‘லேம் ஜோக்’. மொக்கை போடாதே என்றால் ‘ஸ்டாப் போரிங் மீ’. அவளிடம் பேசப் போய் மொக்கை வாங்கினான் என்றால், அவள் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லிவிட்டாள். ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று இடம். ‘மொக்கை என்றால் லேம்’ என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு படம் முழுக்க ஒட்டினால் மூன்றில் இரண்டு தப்பு.

கெத்தும் அப்படித்தான். கெத்தாக நடந்து வந்தான் என்பது நடை. ‘கெத்தை விட்டுடாதே மச்சி’ என்பது பின்வாங்காதே என்பது. இந்த இரண்டாவதற்கு ‘கீப் யுவர் கூல்’ என்று எழுதிவிடத் தோன்றும். அது ஆங்கிலத்தில் கோபப்படாதே என்பது. அடிக்கப் போகிறவனை உசுப்பேற்றும் இடத்தில் அடங்கு என்று எழுதினால் காட்சியே கவிழ்ந்துவிடும். ‘டோன்ட் பேக் டவுன்’, அவ்வளவுதான். நாமும் ‘கூலா இரு’ என்றால் பதறாதே என்றுதானே சொல்கிறோம்.

சரி, ஒரு வசனத்தைப் போட்டுப் பார்ப்போம். வைவா முடிந்து கேன்டீனுக்கு வந்த பையன் சொல்கிறான்: “பெரிய அப்பாடக்கர் மாதிரி சீன் போட்டான் மச்சி, வைவால செம பல்பு வாங்கிட்டான்.” இரண்டரை வினாடியில் சொல்லி முடித்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஆங்கில சப்டைட்டிலுக்குச் சொல்லும் கணக்கு, ஒரு வரிக்கு 42 எழுத்து, மிஞ்சினால் இரண்டு வரி, பெரியவர்களுக்கான படத்தில் வினாடிக்கு 20 எழுத்து. இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்துத்தான். ஆக நமக்குக் கிடைப்பது 50 எழுத்து.

முதலில் மச்சியைத் தூக்குங்கள். பேசுகிற இருவரும் தோளில் கைபோட்டு நிற்பது திரையில் தெரிகிறது, மச்சி என்ற ஒலியும் காதில் விழுகிறது. அப்பாடக்கரும் சீனும் சேர்ந்து ஒரே செய்திதான், பெரிய ஆள் மாதிரி நடந்துகொண்டான் என்பது. ஆங்கிலத்தில் இரண்டையும் தனித்தனியாக இறக்க இடமில்லை. அப்புறம் வைவா. அமெரிக்காவில் பார்ப்பவருக்கு அந்தச் சொல் பழக்கமில்லை, ‘ஓரல் எக்ஸாம்’ என்றால் எவருக்கும் புரியும். செம என்பதை நடிகரின் குரலே சொல்லிவிடும். மிஞ்சுவது: ‘ஹி ஆக்டட் பிக், தென் லுக்ட் எ ஃபூல் அட் ஹிஸ் ஓரல் எக்ஸாம்.’ ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக 50. ஒரு வரியில் அடங்காது, ‘பிக்’ முடிந்த காற்புள்ளியில் உடைத்து இரண்டு வரியாக்குங்கள். மேல்வரி சீன், கீழ்வரி பல்பு. சிரிப்பு வரவேண்டிய இடமும் அந்தக் கீழ்வரிதான். இதையே ஒரே வாக்கியமாகப் பிசைந்து, பல்பை முன்னால் கொண்டுவந்தால் பையன் பேசி முடிப்பதற்குள் பார்ப்பவர் சிரித்துவிடுவார்.

ஆங்கிலத்திலும் கல்லூரி ஸ்லாங் இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ‘லிட்’, ‘டோப்’ எல்லாம் போடலாம்தான். போட்ட உடனே திருநெல்வேலிப் பையன் அமெரிக்கப் பையனாகிவிடுவான். அதோடு அந்த வார்த்தைகள் நாலைந்து வருடத்தில் ஊசிப்போகும். நம் ஊரிலேயே டக்கர், ஜோர் என்று இன்று ஒரு பையன் சொன்னால் கிண்டலுக்குத்தான் சொல்வான். எளிய ஆங்கிலம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. சப்பென்று இருக்கிறதே என்று இயக்குநர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

பூமரை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைக் குறிக்கும். நம் பிள்ளைகள் அறிவுரை சொல்கிற முப்பது வயது சீனியரையே பூமர் அங்கிள் என்கிறார்கள். அப்படியே விட்டால், திரையில் தாடி கறுப்பாக இருக்கும் ஆளைப் பார்த்துப் பார்வையாளர் குழம்புவார். ‘ஸ்டாப் ப்ரீச்சிங்’ என்று எழுதிவிட்டு நகருங்கள்.

கடைசியாக லூசு. மறை கழண்டவன் என்கிறோமே, அந்தப் பொருள்தான். திட்டும்போதும் லூசு, கொஞ்சும்போதும் லூசு. காதலன் ‘லூசு, போடி’ என்று சிரிக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு பெண்ணை ‘லூஸ்’ என்றால் நடத்தையைக் கேவலப்படுத்தும் வசை. காதில் அந்த ஒலி விழத்தான் போகிறது, அதை நம்மால் தடுக்க முடியாது. அதனால்தான் கீழே வரும் வார்த்தை ஐயத்துக்கு இடம் தராமல் ‘யூ சில்லி கேர்ள்’ என்று செல்லமாக இருக்க வேண்டும். கோபத்தில் ‘லூசாடா நீ?’ என்றால் ‘ஆர் யூ மேட்?’

எழுதி முடித்ததும் தமிழ் தெரியாத ஒருவரை உட்கார வைத்து இரண்டு தடவை போட்டுக் காட்டுங்கள். முதல் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, இரண்டாம் தடவை சத்தத்தோடு. சத்தமில்லாமல் புரிந்த வரி, சத்தம் வந்ததும் அவருக்குக் குழம்பினால், அங்கே மாஸோ சீனோ லூசோ காதில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வரியை மட்டும் மறுபடி எழுதுங்கள்.