மூணு பேக்கேஜ் வெச்சா நடுவுல இருக்கிறது ஏன் விக்குது? வற்புறுத்தாம விலை சொல்ற முறை

[திரையில்: ஒரு இமெயில், ஒரே வரி. “ஒரு வெப்சைட் செஞ்சு தர எவ்வளவு ஆகும்?”]

இந்த ஒரு வரிக்கு நான் ரொம்ப நாளா ஒரே ஒரு தொகையைத்தான் பதிலா அனுப்பிட்டிருந்தேன். சில பேர் “கொஞ்சம் குறைக்க முடியுமா?”ன்னு கேப்பாங்க. மத்தவங்ககிட்ட இருந்து பதிலே வராது. ஒரே விலையைக் காட்டினா, பாக்கிறவர் மனசுல எழுற கேள்வி “வேணுமா, வேண்டாமா?” அவ்வளவுதான். மூணு விலை காட்டினா அதே ஆள் “இதுல நமக்கு எது?”ன்னு யோசிக்க ஆரம்பிக்கிறார்.

மூணுல பெரும்பாலும் நடுவுல இருக்கிறதுதான் போகும். ஏன்?

[திரையில்: ரெண்டு கேமரா. பக்கத்துல மூணாவது ஒண்ணு வந்து சேருது.]

இதமார் சைமன்சன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ரெண்டு பேரும் 1992-ல வெளியிட்ட ஆய்வு இது. ஒரு குழுவுக்கு ரெண்டு மினோல்டா கேமராவைக் காட்டி எதை எடுப்பீங்கன்னு கேட்டாங்க. ஒண்ணு சுமார் 170 டாலர், இன்னொண்ணு 240. சரிபாதியா பிரிஞ்சாங்க. இன்னொரு குழுவுக்கு அதே ரெண்டோட 470 டாலர் கேமரா ஒண்ணையும் சேர்த்துக் காட்டினாங்க. இப்போ 57 சதவீதம் பேர் 240 டாலர் கேமராவுக்கு வந்துட்டாங்க. மலிவானதை எடுத்தவங்க 22 சதவீதம்தான்.

அந்த 240 டாலர் கேமராவுல எதுவும் மாறலை. பக்கத்துல நின்னதுதான் மாறுச்சு. மலிவானதை எடுத்தா சரியா வராதோன்னு ஒரு பயம். விலை கூடினதை எடுத்தா வீணா செலவழிக்கிறோமோன்னு உறுத்தல். நடுவுல இருக்கிறதுக்கு ரெண்டு பக்கமும் பதில் சொல்லலாம். அதுலயும், தன் முடிவுக்கு இன்னொருத்தர்கிட்ட காரணம் சொல்ல வேண்டியவங்க நடுவுக்கு இன்னும் அதிகமா சாய்றாங்கன்னு சைமன்சன் 1989-லயே காட்டியிருந்தார். உங்க வாடிக்கையாளருக்கு ஒரு மேனேஜரோ பார்ட்னரோ இருந்தா இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஆனா ஒரு எல்லை இருக்கு. தனக்கு என்ன வேணும்னு தெளிவா தெரிஞ்சு வர்றவரை இந்த வரிசை அசைக்காது. அசைக்கவும் வேண்டாம்.

இனி கட்டுற முறைக்கு வருவோம். பலர் கீழே இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு ரெண்டு வசதியைச் சேர்த்துட்டே போறாங்க. நான் செஞ்ச தப்பும் அதுதான். நடுவுல இருந்து ஆரம்பிங்க. அதுக்கு உங்க பழைய வேலைகளை எடுத்துப் பாக்கணும்.

[திரையில்: பழைய பில்கள். சில வரிகள் மட்டும் மஞ்சள் நிறத்துல.]

நான் என்னோட கடைசி பன்னிரண்டு வேலைகளை எடுத்தேன். ஆரம்பத்துல கேட்டதை விட்டுட்டு, வேலை முடியறதுக்குள்ள அவங்களுக்கு எது தேவைப்பட்டுச்சுன்னு மட்டும் பாத்தேன். எட்டு பேருக்கு ஒரே கதை. “எழுத்தெல்லாம் நாங்களே தந்துடறோம்”னு சொல்லுவாங்க, மூணு வாரம் ஆனாலும் வராது, கடைசியில நானே உட்கார்ந்து எழுதியிருப்பேன். சைட் வெளியான பிறகும் சின்னச் சின்ன மாத்தம் கேட்டு மெயில் வந்துட்டே இருக்கும்.

அப்போ என்னோட நடு பேக்கேஜ் தானாவே கிடைச்சிடுச்சு. ஐந்து பக்க சைட். ஒரு மணி நேரம் பேசி, அதை வெச்சு எழுத்தையும் நானே எழுதித் தர்றது. ரெண்டு தடவை திருத்தம். வெளியான பிறகு மூணு மாசம் சின்ன மாத்தங்கள். அதுக்கு அப்புறம்தான் மத்த ரெண்டு. கீழே இருக்கிறதுல அதே ஐந்து பக்கம், அதே தரம், ஆனா எழுத்தை அவங்க தரணும், திருத்தம் ஒரு தடவை. மேலே இருக்கிறதுல ஆன்லைன் புக்கிங், போட்டோ எடுக்கிறது, ஒரு வருஷப் பராமரிப்பு.

[திரையில்: 100 – 165 – 300. கீழே: 20 மணி நேரம் – 28 – 55]

விலையை எந்தப் பணமாவும் நினைச்சுக்கோங்க. கீழே 100, நடுவுல 165, மேலே 300. வேலை நேரம் 20, 28, 55. வகுத்துப் பாருங்க: மணிக்கு 5, சுமார் 5.9, சுமார் 5.5. நடுவுல எனக்கும் கொஞ்சம் அதிகம் நிக்குது, அவங்களுக்கும் அதுதான் உண்மையில தேவைப்படுது. இந்தக் கணக்கைப் போடாம நடுவுக்குத் தள்ளிட்டு, மாசக் கடைசியில நஷ்டம்னு கண்டுபிடிக்கிறவங்களும் இருக்காங்க.

சரி, வற்புறுத்தற மாதிரி தெரியறது எங்கே? பேச்சுலன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அது கீழ் பேக்கேஜ்லயே இருக்கு. போன்ல சரியா தெரியாத சைட்டை “அடிப்படை”ன்னு வித்தா, அது தூண்டில். வாடிக்கையாளருக்கு அது உடனே புரிஞ்சிடும். கீழ் பேக்கேஜை மட்டும் வாங்கிட்டுப் போற ஒருத்தர் உங்களை நாலு பேர்கிட்ட நல்லபடியா சொல்லுவாரா? மாட்டார்னா அதைத் திருத்துங்க. மேல் பேக்கேஜும் அப்படித்தான். யாராவது “அதையே எடுத்துக்கறேன்”னு சொன்னா உங்க வயித்துல புளியைக் கரைச்சா, அது வெறும் அலங்காரம்.

“அதிகம் விற்பனையாவது” பட்டையையும் உண்மையா இருந்தா மட்டும் போடுங்க. அதைவிட, யாருக்கு எதுன்னு ஒரு வரி எழுதறது நல்லா வேலை செய்யுது. “எழுத்து கையில தயாரா இருக்கிறவங்களுக்கு.” “எழுத நேரம் இல்லாதவங்களுக்கு.” படிக்கிறவர் தன்னை அதுல ஒண்ணுல பாத்துக்கறார். நாம தள்ள வேண்டியதில்லை.

பத்து இருபது பேருக்கு அனுப்பின பிறகு பதில்களைப் பாருங்க. எல்லாரும் கீழேயே நின்னா, முதல் படிக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத்தான் பெருசு, அவங்களுக்கு இல்லை. எனக்கு முதல்ல அதுதான் நடந்துச்சு. நடு பேக்கேஜ்ல “ரெண்டு திருத்தம்”னு மட்டும் கொட்டை எழுத்துல போட்டிருந்தேன். யாருக்கும் அது உறைக்கலை. “எழுத்தை நாங்களே எழுதித் தர்றோம்”னு மேலே ஏத்தினதும் நடு பேக்கேஜைக் கேக்க ஆரம்பிச்சாங்க. எல்லாரும் மேலே இருக்கிறதையே எடுத்தா விலையைக் குறைச்சு வெச்சிருக்கீங்க. “மூணாவதுல இருக்கிற போட்டோவை மட்டும் ரெண்டாவதுல சேர்த்துக்கலாமா?”ன்னு திரும்பத் திரும்ப கேட்டா, வேலியைத் தப்பான இடத்துல போட்டிருக்கீங்க. அதைத் தனி விலையா வெளியே எடுத்து வைங்க.

இப்போ அந்த ஒரு வரி இமெயிலுக்கு நான் அனுப்பற பதில் இது.

[திரையில்: பதில் மெயில், வரி வரியா தட்டச்சாகுது.]

“வணக்கம். விலை சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. சைட்டுக்கான எழுத்து உங்ககிட்ட தயாரா இருக்கா? வெளியான பிறகு மாத்தங்களை உங்க தரப்புல யாராவது பாத்துப்பாங்களா? ரெண்டுக்கும் ஆமாம்னா முதல் பேக்கேஜே போதும். இல்லைன்னா ரெண்டாவதைப் பாருங்க. முதலாவதை எடுத்துட்டு, வேலை முடியறதுக்குள்ள ரெண்டாவதுக்கு மாறணும்னு தோணினா, வித்தியாசத் தொகையான 65 மட்டும் கொடுத்தா போதும்.”