எட்டாவது இருநூறு

நடுவர் கேட்டது: "விளையாட்டை வைத்து எழுதுகிற நாவலில், ஒருவன் மனசுக்குள்ளே நடக்கிற போராட்டத்தை வாசகன் எங்கே பார்க்கிறான்? பயிற்சியிலா, போட்டியிலா?"

நடுவர் ஐயா அவர்களுக்கும், மாங்காய் மண்டி வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் வணக்கம். பயிற்சியில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். அவர் வாடிவாசலை எடுத்து வைத்தபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. சி.சு. செல்லப்பா அதில் பயிற்சிக்கென்று தனியாக இடம் ஒதுக்கவில்லை. ஒரே இடம், ஒரே நாள். அப்பனைக் கொன்ற காரிக் காளையை அடக்க பிச்சி வந்து நிற்கிறான். ஆனால் காரி வாசலுக்கு வருகிறவரை எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். பிச்சியும் மச்சான் மருதனும் காத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஒரு கிழவர் பேசிக்கொண்டே இருக்கிறார், அந்தப் பேச்சில் பிச்சியின் அப்பன் மெல்ல மெல்ல எழுந்து வருகிறான். பயிற்சி செய்ய வேண்டிய வேலையை அங்கே அந்தக் காத்திருப்பு செய்கிறது. இதைச் சொன்ன பிறகும் அந்த நாவலை முழுசாக என் பக்கம் இழுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அது ஐயாவிடமே இருக்கட்டும்.

என் அணித் தம்பி ஒரு அவசரத்தில், நம்ம பக்கத்து எருது விடும் விழாவும் வாடிவாசலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அது சரியில்லை. அங்கே மனிதன் திமிலைப் பிடித்துத் தொங்குகிறான். இங்கே எருது தனியாக ஓடுகிறது, அது எத்தனை விநாடியில் எல்லையைத் தாண்டியது என்பதுதான் கணக்கு. ஆனால் அவர் சொல்ல வந்ததில் பாதி சரி. கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் அந்த ஓட்டத்துக்காக, எருதுக்காரர் மாசக்கணக்கில் அதை ஏரியில் நீந்த விடுகிறார், நடக்க வைக்கிறார், ராத்திரி எழுந்து போய்ப் பார்க்கிறார். அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதினால், அந்தச் சில விநாடிக்குள் அவர் மனசை எங்கே வைப்பது?

எதிரணியில் பேசிய அக்கா, பிளஸ் டூ வந்ததும் மகளை மைதானத்துப் பக்கமே போகவிடாமல் ஒரு பள்ளி நிறுத்திவிட்டதைச் சொன்னார். நாம் பேச வந்தது வேறு என்று நடுவர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பைக்ஸ் ஷூவைத் துடைத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் வைக்கிற அந்தப் பெண்ணின் சாயங்காலங்கள் எந்தப் போட்டியிலும் வராது. நடக்காமல் போன பயிற்சியும் பயிற்சிப் பக்கம்தான், அக்கா.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மண் மைதானத்தில், 800 மீட்டர் ஓடும் பையன்களுக்கு நேரம் குறிக்கிற வேலையைச் சில வருஷம் செய்தேன். வாரத்தில் ஒரு நாள் எட்டு முறை 200 மீட்டர் ஓட வேண்டும், நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. ஒரு பையன். நோட்டில் அவன் பெயருக்கு எதிரே 33, 33, 33, 34, 34, 34, 34 என்று வரும். கடைசியாக எட்டாவது, 29. எல்லாரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

கோச் தட்டவில்லை. "எட்டாவதில் 29 ஓடுகிறவன், முதல் ஏழில் என்ன செய்துகொண்டிருந்தான்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவன் ஏழு முறையும் தன்னைப் பதுக்கி வைத்துக்கொண்டிருந்தான். முழுசாகக் கொடுத்து, அப்புறமும் தோற்றுப்போனால் என்ன ஆகும் என்கிற பயம். மிச்சம் வைத்துத் தோற்றால், "இன்னும் தெம்பு இருந்தது" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இதே பையனைப் போட்டியில் பாருங்கள். 800 மீட்டர் என்றால் இரண்டு சுற்று. கால் கனக்கத் தொடங்குவது மூன்றாவது இருநூறில், கடைசிச் சுற்றுக்கு மணி அடித்த பிறகு. அந்த இடத்தில் அவன் ஆறாவதாகப் பதுங்கி வருவான். கடைசி 100 மீட்டரில் நாலு பேரைத் தாண்டி இரண்டாவதாக வருவான். கூட்டத்துக்கு அவன் வீரன். மறுநாள் பேப்பரில் வந்தால்கூட "கடைசி நேரப் பாய்ச்சல்" என்றுதான் வரும். அவன் பயத்தைப் போட்டி மூடி மறைத்துவிட்டது. நோட்டைப் படித்தவனுக்கு மட்டும்தான் அந்தப் பாய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இதற்கு நேர் எதிராக ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா. முதல் சுற்றை 49.28 விநாடியில் முடித்தார், மொத்தம் 1 நிமிஷம் 40.91 விநாடி. இரண்டாவது சுற்று அதைவிட மெதுவு. ஆரம்பத்திலிருந்தே முன்னால் நின்று, இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். அது உலக சாதனை.

எதிரணித் தலைவர் இன்னொரு கதையும் சொன்னார். 1959-இல் வந்த ஆலன் சில்லிட்டோவின் 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை'. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட பையன், பள்ளித் தலைவருக்குக் கோப்பை வாங்கித் தர வேண்டிய பந்தயத்தில், கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். செத்துப்போன அப்பாவின் நினைவு அவனை நெருக்குவதும் அந்தப் பந்தயத்தில்தான். ஐயா சொன்னது உண்மை. ஆனால் தோற்பது என்கிற முடிவை அவன் எங்கே எடுத்தான்? உறைபனி விழும் காலையில், காவலுக்கு யாரும் இல்லாமல், தனியாக ஓடும் பயிற்சியில். பந்தயத்தன்று முளைத்ததல்ல அது. அந்தக் காலைகள் கதையில் இல்லாமல் அவன் நின்றிருந்தால், மூச்சு வாங்குகிறது போல என்றுதான் நாம் நினைத்திருப்போம்.

பயிற்சியை எழுதுகிறேன் என்று "ஆறு மாதம் வியர்வை சிந்தினான்" என ஒரே வரியில் தாண்டிவிடும் நாவல்களும் நிறைய. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. ஒரு நாவலில் பயிற்சி வரும் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைசிப் போட்டியைப் படித்துப் பாருங்கள். போட்டியின் பொருள் அப்படியே இருந்தால் அந்த அத்தியாயம் வெறும் பக்கம். மாறிப்போனால், பாரம் அதில்தான் இருந்தது.

அந்தப் பையனின் நோட்டுக்கு வருகிறேன். ஒரு புதன்கிழமை முதல் 200-ஐ 30-இல் ஓடினான். அடுத்தது 31. அப்புறம் 32, 32, 33, 34. ஏழாவதில் 36. எட்டாவதை 38-இல் முடித்து, புளியமரத்தடியில் போய் வாந்தி எடுத்தான். கோச் எதுவும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து மாவட்டப் போட்டி. மணி அடிக்கும்போது அவன் முதலில் இருந்தான், கோட்டைத் தொடும்போது ஐந்தாவது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்லா ஓடின பையன், கடைசியில விட்டுட்டானே" என்று வருத்தப்பட்டார். கையில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன், நடுவர் அவர்களே.