கருப்பு முடிக்கு பர்கண்டி: செல்ஃபியில கலர் மாத்திப் பார்க்கலாம் வாங்க

வணக்கம் மக்களே! போன வாரம் பார்லர் போய் பர்கண்டி கலர் அடிக்கலாமான்னு யோசிச்சேன்ல, அடிக்கல. அதுக்கு முன்னாடி நம்ம மூஞ்சிக்கு செட் ஆகுமான்னு போன்லயே பார்த்துட்டேன். அதைத்தான் இன்னைக்குக் காட்டப் போறேன். ஆப் பேரு Snapseed. கூகுளோடது, ஃப்ரீ. வெர்ஷனைப் பொறுத்து உங்க போன்ல பட்டன் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம், பேரைப் பார்த்துத் தேடிக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். நம்ம முடி கருப்பு. கருப்புன்னா போட்டோவுல அங்க வெளிச்சமே இல்லைன்னு அர்த்தம். அது மேல சும்மா கலரைப் பூசினா கருப்பாத்தான் தெரியும், இல்லன்னா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தட்டையா வரும். அதனால முடியில இருக்கற கொஞ்சநஞ்ச பளபளப்பைத் தூக்கிவிட்டு, அதுல கலரை ஏத்தணும். செல்ஃபியை ஜன்னல் பக்கம் திரும்பி எடுங்க. பியூட்டி மோடை ஆஃப் பண்ணிடுங்க, அது முடி இழையெல்லாம் வழவழன்னு ஆக்கிடும்.

சரி, போட்டோவைத் திறந்தாச்சு. Tools போங்க, அதுல Curves. மூலைக்கு மூலை ஒரு கோடு சாய்வா நிக்கும். கீழ சேனல் மாத்தற பட்டன் இருக்கு, அதுல Red எடுங்க. இங்கதான் நான் மொதல்ல சொதப்பினேன். இடப்பக்கக் கீழ் மூலையையே பிடிச்சு மேல இழுத்தேன். முடி முழுக்க ஒரே செம்மண் புழுதி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு! ஏன்னா ஆழமான கருப்பு இருக்கற இடமும் சேர்ந்து வெளுத்துப் போச்சு, முடிக்கு அடர்த்தியே இல்ல. மூலையைத் தொடாதீங்க. அதுல இருந்து கால்வாசி தூரம் தள்ளி கோட்டுல விரலை வெச்சு, அந்தப் புள்ளியை மேல தூக்குங்க. அப்போ பளபளக்கற இழை சிவக்கும், உள்ள இருக்கற கருப்பு கருப்பாவே நிக்கும்.

அடுத்து Blue. அதே இடத்துல லேசா, சிவப்புக்குத் தூக்கினதுல கால் பங்கு போதும். இது பர்கண்டி. பிரவுன் வேணும்னா Blue வேண்டாம், Green-ஐ சிவப்புல பாதி அளவுக்குத் தூக்குங்க. இப்போ என் மூஞ்சி, சுவரு, திரைச்சீலை எல்லாமே சிவப்பா இருக்கு. பயப்படாதீங்க, டிக் அடிங்க.

மேல அடுக்கு மாதிரி ஒரு ஐகான் இருக்கும். அதுல View edits. இப்போ செஞ்ச Curves அங்க இருக்கும், அதைத் தொட்டு, தூரிகை படத்தை எடுங்க. உடனே போட்டோ பழையபடி ஆயிடும். இனிமே நீங்க எங்க தேய்க்கறீங்களோ அங்க மட்டும் கலர் வரும். கீழ 100-ன்னு காட்டும். உச்சந்தலை, பின்னல் எல்லாம் 100-லயே தேய்ங்க. பிரஷ் சைஸ் எங்கன்னு தேடாதீங்க, ரெண்டு விரலால போட்டோவைப் பெருசாக்கினாலே பிரஷ் சின்னதாகும்.

நெத்தியோரம், காதோரம் வந்ததும் 50, அப்புறம் 25-ன்னு குறைச்சுக்கோங்க. நிஜத்துலயே அங்க முடி மெல்லிசா, தோல் தெரியற மாதிரித்தானே இருக்கு? அங்கயும் 100-ல தேய்ச்சா விக் வெச்ச மாதிரி கோடு விழும். தோள்ல, காதுல கலர் வழிஞ்சா 0 வெச்சு அதே இடத்துல தேய்ங்க, அழிஞ்சிடும். கண் ஐகானைத் தொட்டா, எங்கெல்லாம் பூசியிருக்கீங்கன்னு சிவப்பாக் காட்டும். நான் அப்படிப் பார்த்தப்போதான் கம்மல்லயும் பூசியிருந்தது தெரிஞ்சுது.

கலர் தூக்கலா இருந்தா திரும்ப மொதல்ல இருந்து தேய்க்க வேண்டாம். View edits-ல அதே Curves-ஐத் தொட்டு, தூரிகைக்குப் பதிலா ஸ்லைடர் படத்தை எடுத்து, கோட்டை மட்டும் இறக்குங்க. பூசின இடம் அப்படியே இருக்கும்.

எங்கம்மா பார்த்துட்டு, “எனக்கும் போடுடி”ன்னாங்க. அவங்களுக்கு முன்பக்கம் நரை. வெள்ளை முடியில சிவப்பு ஏற்கெனவே முழுசா இருக்கு, இன்னும் தூக்க இடமே இல்ல. அதனால அங்க தலைகீழா, கோட்டோட வலப்பக்கத்துல Green, Blue ரெண்டையும் கீழ இறக்கணும். கருப்பு முடி, நரை முடி ரெண்டுக்கும் தனித்தனியா ரெண்டு Curves, தனித்தனியா தேய்க்கணும். அரை மணி நேரம் ஆச்சு, அவங்க நடுவுல ரெண்டு தடவை அடுப்பைப் பார்த்துட்டு வந்தாங்க.

முடிஞ்சதும் Export, அதுல Save a copy மாதிரி நகல் எடுக்கற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்க, ஒரிஜினல் பத்திரமா இருக்கும். இந்தப் படத்தை பார்லர்ல காட்டறதா இருந்தா, இவ்வளவு பளிச்னு வேணும்னா நிஜ முடியை ப்ளீச் பண்ணணும்னு சொல்லுவாங்க. சும்மா டை மட்டும் போட்டா வெயில்ல நின்னாத்தான் லேசா சிவப்பு தெரியும். நான் ப்ளீச்சுக்குத் துணியல. அம்மா மட்டும் அந்தப் படத்தை வாட்ஸ்அப் டிபியா வெச்சுட்டாங்க.