கமென்டில் தொடங்கும் அடுத்த வீடியோ

நேயர்களுக்கு வணக்கம். யூடியூப் சேனல் நடத்துகிறவர்களுக்காகப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கேமரா, எடிட்டிங், தம்ப்நெயில் பற்றியெல்லாம் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வீடியோவுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். எதையோ தேடி வந்து, உங்கள் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் மறுபடியும் வருவதற்கு கமென்ட் பதிலும் கம்யூனிட்டி போஸ்டும் எப்படி உதவும் என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்வோம். யூடியூப் ஸ்டூடியோவில் அனலிட்டிக்ஸ் திறந்து ஆடியன்ஸ் பகுதிக்குப் போனால், பார்வையாளர்களை மூன்றாகப் பிரித்துக் காட்டும். புதிதாக வந்தவர்கள், எப்போதாவது வருகிறவர்கள், வழக்கமாக வருகிறவர்கள். கடந்த ஓராண்டில் ஒன்று முதல் ஐந்து மாதங்களில் உங்கள் சேனலைப் பார்த்திருந்தால் அவர் எப்போதாவது வருகிறவர். ஆறு மாதமோ அதற்கு மேலோ பார்த்திருந்தால் வழக்கமாக வருகிறவர். இந்தக் கணக்கில் சப்ஸ்கிரைப் பட்டனுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பட்டனை அழுத்திவிட்டு அப்புறம் எட்டிப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள், அழுத்தாமலே மாதாமாதம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கமென்டுக்கும் கீழே "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று கூடலாம். அந்த ஆள் அடுத்த மாதம் வர அதில் எந்தக் காரணமும் இல்லை.

காரணம் எங்கிருந்து வரும்? ஒரு சேனலைக் கற்பனை செய்து பார்ப்போம். சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றிய சின்னச் சேனல். செயினைச் சுத்தம் செய்வது எப்படி என்று ஒரு வீடியோ போட்டிருக்கிறார்கள். கீழே நாற்பது கமென்ட். பாதிக்கு மேல் "சூப்பர்", "நன்றி அண்ணா" வகை. நடுவில் ஒன்று இப்படி இருக்கிறது: "அண்ணா, சுத்தம் பண்ணி எண்ணெயும் போட்டாச்சு. ஆனாலும் அழுத்தி மிதிச்சா செயின் வழுக்குது. ஏன்?"

இதற்குப் பலரும் எழுதுகிற பதில், "நன்றி தம்பி, அடுத்த வீடியோவில் சொல்றேன், சப்ஸ்கிரைப் பண்ணிடுங்க." பேச்சு அதோடு முடிந்துவிட்டது. அவருடைய செயின் இன்னும் வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் வேறு சேனலில் போய்த் தேடுவார்.

வேறு மாதிரி எழுதிப் பார்ப்போம். "தம்பி, எண்ணெய் பிரச்சினை மாதிரித் தெரியவில்லை, செயின் தேய்ந்திருக்கலாம். ஒரு ஸ்கேல் எடுங்க. செயினில் ஒரு ஆணியின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்து, 24 இடைவெளி தள்ளி இருக்கிற ஆணி வரைக்கும் அளந்து பாருங்க. சரியாக 12 அங்குலம் வரணும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் செயினை மாற்றும் நேரம். உங்களுக்கு எவ்வளவு வருது?"

இந்தப் பதிலில் அவர் உடனே செய்து பார்க்க ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கிறது. அதற்கு விடை தெரிய வேண்டுமென்றால் அவர் எழுந்து போய் அளக்க வேண்டும், அளந்தவர் திரும்பி வந்து எழுதுவார். எல்லாரும் எழுத மாட்டார்கள், சரி. எழுதுகிறவரோ இப்போது உங்கள் வீடியோவுக்கு இரண்டாவது முறையாக வந்திருக்கிறார். அதே கேள்வி மனதில் இருந்தும் கேட்காமல் போனவர்களும் இதைப் படித்துவிட்டு ஸ்கேலைத் தேடுவார்கள். ஒரு வீடியோவில் ஒரே ஒரு கமென்டைத்தான் மேலே பின் செய்து வைக்க முடியும். அந்த இடத்தைப் பெரும்பாலானவர்கள் தங்கள் விளம்பரத்துக்குக் கொடுக்கிறார்கள். நானாக இருந்தால் இந்தத் தம்பியின் கேள்விக்குத்தான் கொடுப்பேன், பதிலும் அதன் கீழேயே இருக்கும்.

"சூப்பர்" என்று எழுதியவர்களுக்கு ஹார்ட் போதும். ஹார்ட் போட்டாலும் அவர்களுக்கு நோட்டிஃபிகேஷன் போகும். முப்பது பேருக்கு ஒரே "நன்றி"யை ஒட்டி வைத்தால், உள்ளே யாரும் படிப்பதில்லை என்று பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். மிச்சமாகிற நேரத்தைக் கேள்விகளுக்குக் கொடுங்கள். ஸ்டூடியோவின் கமென்ட் பக்கத்தில் நீங்கள் பதில் சொல்லாதவற்றையும், கேள்வி உள்ளவற்றையும் மட்டும் வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. பழைய வீடியோக்களை மறக்காமல் அதில் பாருங்கள். தேடலில் கிடைக்கிற வீடியோவுக்கு இரண்டு வருடம் கழித்தும் கேள்வி வந்துகொண்டிருக்கும். அப்படிக் கேட்கிறவர்தான் பெரும்பாலும் புது ஆள்.

இப்போது போஸ்டுக்கு வருவோம். முன்பு 500 சப்ஸ்கிரைபர் இருந்தால்தான் கம்யூனிட்டி போஸ்ட் போட முடியும். இப்போது அந்த எண்ணிக்கை தேவையில்லை. கணக்கைச் சரிபார்த்து, அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ் எனப்படும் கூடுதல் அனுமதியைப் பெற்றிருந்தால் போதும். குழந்தைகளுக்கானது என்று அறிவித்த சேனல்களுக்கு மட்டும் கமென்டும் கிடையாது, போஸ்டும் கிடையாது. அவர்களுக்கு நான் சொல்வது பயன்படாது.

செயின் வழுக்குவதைப் பற்றி இன்னும் மூன்று நான்கு பேர் கேட்டிருந்தால், அது போஸ்டுக்கான விஷயம். "அடுத்து எந்த வீடியோ வேண்டும்?" என்று வாக்கெடுப்பு வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்டால் நல்லதாகத் தோன்றுவதைத் தொட்டுவிட்டுப் போவார்கள், வீடியோ வரும்போது பார்க்க மாட்டார்கள். அவர்கள் சைக்கிளைப் பற்றிக் கேளுங்கள். "உங்கள் செயின் எப்போது வழுக்குகிறது? சின்னப் பல்சக்கரத்தில் மட்டும், பெரியதில் மட்டும், எல்லாக் கியரிலும், என் சைக்கிளில் கியரே இல்லை." இந்த நான்கில் ஒன்றைத் தொட ஒரு நொடி போதும், எழுதத் தேவையில்லை. இதுவரை கமென்டே போடாத ஆள்கூட இதற்கு வாக்களிப்பார். சப்ஸ்கிரைப் செய்யாதவர்களின் முகப்புப் பக்கத்திலும் இந்தப் போஸ்ட் சில சமயம் வந்து நிற்கும்.

இந்த வாக்கெடுப்பு உங்களுக்கும் வேலை செய்கிறது. அதிகம் ஓட்டுகிற ஒரு பல்சக்கரத்தில் மட்டும் வழுக்கினால் அந்தச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கியரிலும் வழுக்கினால் வேறு இடத்தில் தேட வேண்டும். எது அதிகம் வருகிறதோ அதற்கு வீடியோவில் அதிக நேரம் கொடுக்கலாம். போஸ்டின் கீழே, "புதுச் செயின் மாட்டின பிறகுதான் வழுக்க ஆரம்பிச்சுது" என்று ஒருவர் எழுதினால் விடாதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. வீடியோவின் தலைப்பே அங்கே கிடைத்துவிட்டது.

படப்பிடிப்பு நடக்கும்போது இன்னொரு போஸ்ட். புதுச் சக்கரத்தின் பல், தேய்ந்த சக்கரத்தின் பல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். "எது தேய்ந்தது?" என்று கேளுங்கள். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து நுனி கூராகியிருக்கும். வாக்களித்தவர் அடுத்த முறை தன் சைக்கிளை நிறுத்தும்போது குனிந்து பார்ப்பார். இதற்குமேல் இந்த விஷயத்தில் போஸ்ட் வேண்டாம். தினமும் ஒன்று போட்டால் பழகிப்போய்த் தள்ளிவிட்டுப் போவார்கள். "புது வீடியோ வந்தாச்சு" என்ற அறிவிப்புகளால் மட்டுமே நிரம்பிய பக்கத்தில் நின்று படிக்க ஒன்றும் இல்லை.

வீடியோ வெளியான அன்று செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். முதலில் கேள்வி கேட்ட தம்பி இன்னும் சப்ஸ்கிரைபர் இல்லை. அதனால் புது வீடியோ வந்த செய்தி அவருக்குப் போகாது. சப்ஸ்கிரைப் செய்தவர்களுக்கே மணி அடையாளத்தில் "எல்லாம்" என்று வைக்காவிட்டால் ஒவ்வொரு வீடியோவுக்கும் செய்தி போகும் என்று நம்ப முடியாது. ஆனால் அவருடைய கமென்டுக்கு நீங்கள் எழுதும் பதில், அவர் அந்த நோட்டிஃபிகேஷனை அணைத்து வைக்காதவரை, அவரைத் தேடிப் போகும். சப்ஸ்கிரைப் செய்யாத ஒருவரை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட இருக்கிற எளிய வழி இது. பழைய கமென்டுக்குத் திரும்பப் போங்கள். "தம்பி, நீங்க கேட்டது இப்போ தனி வீடியோவாக வந்திருக்கு. நீங்க அளந்து சொன்ன அளவை மூன்றாவது நிமிடத்தில் காட்டியிருக்கேன்" என்று எழுதுங்கள். இதே வரியை எல்லாருக்கும் ஒட்டாதீர்கள். வேறொருவர் புதுச் செயினைப் பற்றிக் கேட்டிருந்தால் அந்த இடம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

வீடியோவின் தொடக்கத்திலும் வாக்கெடுப்பு முடிவைத் திரையில் காட்டிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். தான் தொட்ட விரலுக்கு மதிப்பு இருந்தது என்று வாக்களித்தவர் பார்க்கிறார். பட்டனை அழுத்தச் சொல்லிக் கேட்பதாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு முறை கேட்கலாம்.

இதில் கெடுகிற இடங்களும் உண்டு. கமென்டில் நீங்கள் சுறுசுறுப்பாக இருப்பது தெரிந்ததும், உங்கள் படத்தையே வைத்துக்கொண்டு, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, வேறொருவர் பதில் எழுத ஆரம்பிப்பார். "வாழ்த்துகள், பரிசு வென்றிருக்கிறீர்கள், இந்த எண்ணுக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று இருக்கும். உங்களை நம்பித் திரும்பி வருகிற ஆள்தான் அதில் விழுவார். சேனல் உரிமையாளர் எழுதும் கமென்டில் பெயர் தனி நிறப் பின்னணியோடு தெரியும், போலியானதில் அது இருக்காது. இந்த அடையாளத்தை ஒரு போஸ்டில் படமாகவே காட்டிவிடுங்கள். லிங்க் உள்ள கமென்டுகளை நிறுத்தி வைக்கும் அமைப்பை ஸ்டூடியோவில் போட்டு வைத்து, அந்த ஆளைச் சேனலிலிருந்து மறைத்துவிடுங்கள்.

"நான் உங்களுக்குப் பண்றேன், நீங்க எனக்குப் பண்ணுங்க" என்று கேட்டு வருகிறவர்களையும் விட்டுவிடுங்கள். யூடியூப் விதி அதைத் தடை செய்கிறது. அது இல்லாவிட்டாலும், அப்படி வந்தவர் உங்கள் செயின் வீடியோவைப் பார்க்கப் போவதில்லை.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கமென்ட் போட்டவர் சப்ஸ்கிரைபரா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அவர் தன் சப்ஸ்கிரிப்ஷனை வெளிப்படையாக வைத்திருந்தால்தான் உங்களுக்குத் தெரியும், நிறையப் பேர் அப்படி வைப்பதில்லை. ஆடியன்ஸ் பகுதியில் வழக்கமாக வருகிறவர்களின் கோடும் உடனே நகராது. இந்த மாதம் முதல் முறை வந்தவர் அந்தக் கணக்கில் சேர, ஆறு வெவ்வேறு மாதங்களில் வந்திருக்க வேண்டும். அதற்குள் மூன்றாவது வாரமே பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிடுகிறார்கள். அதுவரைக்கும் ஒன்றை மட்டும் பாருங்கள். செயின் வீடியோவில் எழுதிய அதே பெயர், பிரேக் வீடியோவின் கீழேயும் வருகிறதா என்று. வந்தால், அந்தக் கமென்டுக்கு முதலில் பதில் எழுதுங்கள். வணக்கம்.