தேன் வரும், கொழுக்கட்டை வராது

அவையோருக்கு வணக்கம்.

அன்பாகக் கூப்பிடும்போது மனிதர் வாயில் வருகிற சாப்பாட்டுப் பெயர்கள் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன். ஆங்கிலப் படத்துக்கோ சிறுவர் கதைக்கோ தமிழில் வசனம் எழுதுகிற எவரும் ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் வந்து முட்டுவார். மனைவி சமையலறையில் நின்று குரல் கொடுக்கிறாள்: "ஹனி, கேற் பூட்டியாச்சா?" சரி, இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

ஹனி என்றால் தேன். "தேனே, கேற் பூட்டியாச்சா?" என்று எழுதிவிட்டு ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எந்த வீட்டிலும் அப்படி ஒரு குரல் கேட்காது. ஆனால் தேனே என்று அழைப்பது தமிழுக்குப் புதிது அல்லவே. சிலப்பதிகாரத்தில், மனையறம்படுத்த காதையில், கோவலன் கண்ணகியைப் பார்த்துச் சொல்கிறான்:

மாசறு பொன்னே வலம்புரி முத்தே
காசறு விரையே கரும்பே தேனே
அரும்பெறற் பாவாய் ஆருயிர் மருந்தே

பொன், முத்து, வாசனை, கரும்பு, தேன், பாவை, மருந்து. ஒரே மூச்சில் ஏழு. அதில் இரண்டு வாயில் இனிக்கிறவை. வணிகன் மகன் அல்லவா, அவன் அடுக்குகிறவற்றில் பெரும்பாலானவை கடையில் விலை பேசுகிற பொருள்கள்தாம். ஆகவே தேன் என்ற அழைப்பு தமிழில் நெடுங்காலமாக இருக்கிறது. அது இருக்கிற இடம்தான் வேறு. காவியத்திலும் பாட்டிலும் தாலாட்டிலும் தேனே என்று கூப்பிடலாம். கேற் பூட்டினாயா என்று கேட்கும்போது கூப்பிட முடியாது.

ஆங்கிலத்தில் ஹனி தேய்ந்துபோன சொல். கணவனுக்கும் சொல்வார்கள், பிள்ளைக்கும் சொல்வார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பெண் முன்பின் தெரியாத ஆளுக்கும் சொல்வார். அவ்வளவு புழங்கியதால் சொல்லுக்குள் தேன் இருக்கிற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. தமிழில் தேனே என்பது தேயவே இல்லை, சொன்னவுடன் தேன் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் பொருள் சரியாக வந்தும் வசனம் கெட்டுப்போகிறது.

அந்த வரியை நான் இப்படி எழுதுவேன்: "இஞ்சாருங்கோ, கேற் பூட்டியாச்சே?" யாழ்ப்பாணத்து மனைவியின் வாயில் அந்த 'இஞ்சாருங்கோ' எத்தனை விதமாக ஒலிக்கும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கோபத்துக்கு ஒன்று, கொஞ்சலுக்கு ஒன்று, காசு கேட்பதற்கு இன்னொன்று. 'இங்கே பாருங்கள்' என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. ஆனாலும் ஹனி அந்த வீட்டில் செய்கிற வேலையை இந்த வீட்டில் செய்வது அதுதான். வயது வந்தவர்கள் பேசும் இடத்தில் இனிப்பை விட்டுவிட்டு மரியாதையைப் பிடிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

இனி, தேன் ஏன் இத்தனை மொழிகளில் அழைப்பாக இருக்கிறது என்று பார்ப்போம். துருக்கியர் 'என் தேன்' என்று கூப்பிடுவார்கள், அரபு பேசுகிறவர்கள் தேனுக்கான 'அசல்' என்ற சொல்லாலேயே கூப்பிடுவார்கள். இவர்களில் யாரும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அல்ல. தேனுக்குச் சமையல் வேண்டாம், மா வேண்டாம், அடுப்பு வேண்டாம். கரும்பு எட்டாத நாட்டிலும் தேனீ இருந்தது. ஒரு கறண்டியை நாக்கில் வைத்தால் எந்த ஊர்க்காரனுக்கும் அதே இனிப்பு.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒன்று உண்டு. விவிலியத்தின் உன்னதப்பாட்டில், நான்காம் அதிகாரத்தில், மணமகளின் உதடுகளில் தேன் வடிகிறது, அவள் நாவின் கீழே தேனும் பாலும் இருக்கின்றன என்று காதலன் சொல்கிறான். இப்போது நம்முடைய 1121ஆம் குறளை எடுங்கள்:

பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி
வாலெயிறு ஊறிய நீர்.

எபிரேயத்திலும் தமிழிலும் அதே பால், அதே தேன், அதே வாய். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது என்று சொல்ல நான் வரவில்லை. நாக்குக்குத் தெரிந்த ருசி இரண்டு இடத்திலும் தானாகவே ஒரே சொல்லைத் தேடிப் போயிருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

அந்த உன்னதப்பாட்டு ஐரோப்பாவுக்குள் போய் எங்கே வந்து நின்றது தெரியுமா? பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சோசர் எழுதிய காண்டர்பரிக் கதைகளில், மாவாலைக்காரன் சொல்கிற கதையில். அப்சலோன் என்று ஒரு கோயில் குமாஸ்தா. தச்சனின் மனைவி அலிசன் மீது ஆசை. வாய் மணக்க அதிமதுரம் மென்றுகொண்டு, இருட்டில் அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கூப்பிடுகிறான்: என் தேன்கூடே, என் அழகிய பறவையே, என் இனிய கறுவாவே!

கறுவா. நம்முடைய கறுவா. கறுவாத்தோட்டம் என்று ஒரு பகுதிக்கே பெயர் வைத்திருக்கிற இந்தக் கொழும்பில், எந்தக் காதலனாவது ஒருத்தியைக் கறுவாவே என்று கூப்பிட்டதுண்டா? சோசர் சிறுவனாக இருந்திருக்கக்கூடிய காலத்தில், 1344இல், இபன் பத்தூதா என்ற பயணி புத்தளத்துக் கரைக்கு வந்தார். அப்போது அந்தக் கரை ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கடற்கரையில் குவிந்து கிடந்தன என்றும், மலபாரில் இருந்தும் சோழமண்டலக் கரையில் இருந்தும் வந்தவர்கள் விலை கொடுக்காமலே அவற்றை எடுத்துப் போனார்கள் என்றும், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணிகளைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். இங்கே கரையில் குவிந்து கிடந்த பட்டை, கடல் பல தாண்டிய நாட்டில் எட்டாத வாசனை. எட்டாததைத்தான் அங்கே காதலியின் பெயராக வைத்தார்கள். நமக்கு அது இறைச்சிக் கறிக்குப் போடுகிற சரக்கு, சீவியவனின் கையில் ஒட்டுகிற வேலை. இன்றைய ஆங்கிலத்திலும் கறுவாவே என்ற அழைப்பு வழக்கில் இல்லை. பலசரக்குக் கடையில் போத்தலில் கிடைக்கிற பொருளாகிவிட்ட பின் அந்த வியப்பு போய்விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். அதே வரியில் இருந்த தேன் மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது.

ருசியால் வந்த பெயர்களின் கதை இது. உருவத்தால் வந்த பெயர்களின் கதை வேறு. ஆங்கிலத்தில் குழந்தையை டம்ப்ளிங் என்பார்கள், பூசணி என்கிற பம்ப்கின் என்றும் சொல்வார்கள். டம்ப்ளிங் என்பது மாவை உருட்டிக் குழம்பில் அவிக்கிற உருண்டை. அதற்கென்று பெரிய ருசி கிடையாது. மெதுமெதுவென்று, உருண்டையாக, சூடாக இருப்பதுதான் அதில் உள்ள செல்லம். பிரெஞ்சுக்காரர் 'என் ஷூ' என்பார்கள். ஷூ என்றால் கோவா. கிறீம் அடைத்த உருண்டைப் பணியாரத்துக்கும் அதே பெயர்தான், அதுவும் கோவாவின் வடிவத்தைப் பார்த்து வந்த பெயர். பாரிஸில் இருந்து விடுமுறைக்கு வருகிற பேரப்பிள்ளை இதைச் சொன்னால், அம்மம்மா காதில் கோவாச் சுண்டல்தான் விழும்.

டம்ப்ளிங்கைக் கொழுக்கட்டை என்று எழுதலாமே என்று தோன்றும். நியாயமான யோசனைதான், ஏனென்றால் கொழுக்கட்டைக்கும் குழந்தைக்கும் நம்மிடம் நெருங்கிய உறவு உண்டு. பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறோம். வறுத்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, மடித்த விளிம்பைப் பல் வரிசை மாதிரி நுள்ளி, பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து அதன் மேல் கொட்டுகிறோம். இத்தனை இருந்தும் அந்தப் பிள்ளையைக் கொழுக்கட்டை என்று யாரும் கொஞ்சுவதில்லை. சொன்னால் அது கேலி.

காரணம் உடம்பைப் பற்றிய நம் பேச்சில் இருக்கிறது. கொழுப்பு என்றால் நெய்யும் உண்டு, திமிரும் உண்டு. அதைவிட முக்கியம் நாவூறு. பிள்ளை மொழுமொழுவென்று இருக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அன்று பின்னேரமே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தலையைச் சுற்றி நெருப்பில் போடுகிற வீடுகள் இந்த நகரத்தில் இன்னும் நிறைய. பருமனைப் பெயராகச் சொல்லிக் கூப்பிடுவது அங்கே அன்பாகாது. பூசணி இன்னும் மோசம். கண்ணூறு கழிக்க வாசலில் போட்டு உடைக்கிற காயின் பெயரைப் பிள்ளைக்கு எப்படி வைப்பது? கொரிய மொழியிலும் பெண்ணைப் பூசணி என்றால் அழகில்லாதவள் என்றுதான் அர்த்தம். எனவே இந்தப் பெயர்களை வாசிக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது நாக்கால் வந்ததா, கண்ணால் வந்ததா? கண்ணால் வந்தது என்றால் அந்த உணவைத் தமிழில் தேடுவதை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் எதை எழுதுவது? சிறுவர் கதையில் அம்மா டம்ப்ளிங் என்று கூப்பிட்டால் நான் 'என்ர குஞ்சு' என்றே எழுதுகிறேன். மாவுருண்டை போய்விடுகிறது, ஆனால் கைக்குள் அடங்குகிற சின்ன உடம்பு, மென்மை, சூடு மூன்றும் நிற்கின்றன. சிங்களத்திலும் இதே இடத்தில் மிருகக் குட்டிக்கும் பறவைக் குஞ்சுக்கும் உள்ள 'பெட்டியா'தான் வரும். இல்லாவிட்டால் தங்கம் என்கிற 'ரத்தரங்'. பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துத் தாய் தொலைபேசியில் பிள்ளையோடு பேசுவதைக் கேட்டாலே தெரியும், இந்தத் தீவின் இரண்டு மொழிகளும் பிள்ளையைக் கொஞ்ச அதிகமாகச் சமையலறைப் பக்கம் போவதில்லை.

கதையில் அந்த அம்மா உண்மையிலேயே அடுப்படியில் டம்ப்ளிங் உருட்டிக்கொண்டே பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால் மட்டும் குஞ்சு உதவாது. அங்கே படத்திலும் உருண்டை இருக்கும், சொல்லும் அதைச் சுட்டும். அந்த இடத்தில் அம்மா கையில் இருப்பதைக் கொழுக்கட்டை என்று எழுதிவிட்டு, அழைப்பை ருசிப் பக்கம் திருப்பி 'என்ர கற்கண்டு' என்று வைக்கலாம். தாலாட்டில் பழகிய சொல் என்பதால் வாசிக்கிற பிள்ளைக்கும் உறுத்தாது, சாப்பாட்டுத் தொடர்பும் அறுந்துபோகாது.

இன்னொன்றையும் மொழிபெயர்க்கிற தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும். புத்தகம் சென்னைக்கும் விற்கப் போகிறது என்றால் குஞ்சு என்ற சொல்லை அப்படியே அனுப்பாதீர்கள். அங்கே ஆண்பிள்ளைகளின் உடல் உறுப்புக்கு வழங்குகிற பேச்சு வழக்கு அது, வகுப்பறையில் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். 'செல்லம்' என்று மாற்றுங்கள். அது வல்வெட்டித்துறையிலும் செல்லும், மதுரையிலும் செல்லும்.