சந்தா ரத்து: ஒரு தேதியும் ஒரு தொகையும்

கேள்வி: "சந்தாவை ரத்து செய்ததும் 'மீதித் தொகை திருப்பித் தரப்படும், இறுதி பில்லிங் தேதி ஏப்ரல் 30' என்று காட்டுகிறோம். ஆனாலும் சப்போர்ட்டுக்கு மெயில் வந்துகொண்டே இருக்கிறது. எப்படி மாற்றி எழுதுவது?"

முதலில் அந்தத் தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 30 அன்று இன்னொரு முறை பணம் எடுப்பீர்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். கடைசியாகப் பணம் எடுத்த நாள் ஒன்று, சேவை நிற்கும் நாள் இன்னொன்று, இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் மெயில் வராமல் என்ன செய்யும்?

சரி, ஒரு கணக்கு போடுவோம். மாதக் கட்டணம் 600, சலுகை போக அவர் ஏப்ரல் 1 அன்று கட்டியது 480, ரத்து செய்வது 12-ஆம் தேதி. அன்றைய நாளையும் பயன்படுத்தியதாகக் கொண்டால் மீதி 18 நாள்.

```
refund = paid * days_left / days_in_period
       = 480 * 18 / 30 = 288
```

இங்கே `paid` என்பது கையிலிருந்து உண்மையில் போன தொகை. விலைப்பட்டியலில் இருக்கும் 600-ஐ எடுத்தால் 360 வரும், சலுகையையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ரத்து செய்யும் நாளைப் பயன்படுத்தியதாகக் கொள்ளாவிட்டால் மீதி 19 நாள், 304. எந்த முறை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் திரையும் பணம் அனுப்பும் இடமும் ஒரே முறையில் போக வேண்டும். நான் பார்த்த வரையில் புகார் கிளம்புவது பெரும்பாலும் இங்கேதான்: திரையில் உலாவி தனியாக ஒரு கணக்கு போடும், பின்னால் சர்வர் யுடிசி நேரத்தில் வேறொரு கணக்கு போடும். இரண்டும் ஒரே நேரக் கணக்கில் இருந்தாலும், 12-ஆம் தேதி இரவு 11:58-க்கு 288 என்று பார்த்தவர் 12:01-க்குப் பொத்தானை அழுத்தினால், நாள் மாறிவிட்டதால் 272 தான் வரும், அவர் கோபப்படுவதில் தப்பே இல்லை. அதனால் சர்வரில் ஒரே ஒருமுறை கணக்கிட்டு, அந்தத் தொகையைச் சேமித்து, சில நிமிடங்களுக்கு அதுவே செல்லும் என்று வையுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் புதுத் தொகையைக் காட்டி மறுபடி ஒப்புதல் கேளுங்கள், சத்தமில்லாமல் மாற்றாதீர்கள்.

அப்புறம் வாசகம். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"உங்கள் சந்தா ரத்தாகிவிட்டது. ஏப்ரல் 12 இரவு வரை பயன்படுத்தலாம். இனி உங்களிடம் பணம் எடுக்க மாட்டோம். கடைசியாக எடுத்தது ஏப்ரல் 1, 480. பயன்படுத்தாத 18 நாளுக்கு 288 திரும்ப வரும், பணம் கட்டிய அதே கார்டுக்கு."

"இனி எடுக்க மாட்டோம்" என்பதைத் தொகைக்கு முன்னால் வைத்திருப்பது வேண்டுமென்றேதான், ரத்து செய்பவர் முதலில் தேடுவது அதைத்தான். பணம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை உங்கள் பேமென்ட் நிறுவனத்திடம் கேட்டு அதற்கு அடியில் சேருங்கள், "விரைவில்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மீதி 0 வந்தால் தொகை வரியை அப்படியே விடாமல், திரும்ப வர வேண்டியது எதுவும் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.