கிழவி அள்ளின கிளிஞ்சல்

வணக்கம் நேயர்களே. ஆங்கிலச் சிறுவர் நூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவரும்போது கதைப் பகுதி ஓடிவிடும், நாப்பிறழ் வரியும் விடுகதையும் வந்தால்தான் வேலை நிற்கும். இன்று அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடற்கரையில் ஒரு பெண் கிளிஞ்சல் விற்கிறாள் என்ற ஆங்கில வரி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஸ, ஷ இரண்டும் மாறி மாறி வருவதால்தான் நாக்கு தடுமாறுகிறது. பொருளை அப்படியே தமிழாக்கினால், 'அவள் கடற்கரையில் கிளிஞ்சல் விற்கிறாள்' என்று வரும். எந்தப் பிள்ளைக்கும் நாக்கு பிறழாது. ஆகவே பொருளை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் படத்தை விட முடியாது. பல மொழிகளில் வரும் படப்புத்தகத்தில் பெரும்பாலும் வண்ணப்படம் அப்படியே இருக்கும், கறுப்பு எழுத்து மட்டும் மாறும். கடல், மணல், கிளிஞ்சல், ஒரு பெண். இவ்வளவுதான் நம் கையில் இருக்கும் சரக்கு.

இனி ஒலியைத் தேட வேண்டும். நம் நாக்கு இடறும் இடம் ல, ள, ழ. ல சொல்ல நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொடும், ள சொல்ல வளைந்து அண்ணத்தைத் தொடும், ழ சொல்ல வளையும், ஆனால் தொடாது. கிளிஞ்சல் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே கிழிஞ்ச, கிழவி, கீழே எல்லாம் காத்துக்கொண்டிருக்கின்றன, பாருங்கள். இப்படிக் கோக்கலாம்:

கிழவி அள்ளின கிளிஞ்சல் கிழிஞ்ச பையில் இல்லை,
கிழிஞ்ச பையில் இல்லாத கிளிஞ்சல் கிழவி காலின் கீழே.

மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'கிளிஞ்சல் கிழிஞ்ச' என்ற இடத்தில் மாட்டும். அந்த இரண்டு சொல்லும் ஒட்டி நிற்பதுதான் இதன் உயிர். கிழவி, கிழங்கு, கிழிசல் என்று ழகரமாகவே அடுக்கினால் காதுக்கு இனிக்கும், ஆனால் நாக்கு ஒரே வளைவில் பழகி வழுக்கிக்கொண்டு போய்விடும். அது மோனை. மோனை வாயை இலகுவாக்கும், நாப்பிறழுக்கு வேண்டியது நேர் எதிரான வேலை.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. இங்கே பினாங்கில் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்லும் வீடுகள் நிறையவே இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குக் கிழவியும் கிளவிதான், கிழிஞ்சதும் கிளிஞ்சதுதான், வரி முழுவதையும் ஒரே ளகரத்தில் தடங்கலில்லாமல் சொல்லி முடித்துவிட்டு, 'இதுல என்ன கஷ்டம்?' என்று கேட்கும். பிள்ளை மீது குறையில்லை, அதன் வாயில் அந்த இரண்டு ஒலியும் ஒன்றாக இருக்கின்றன. அதனால் அதே பக்கத்தில் ழகரமே இல்லாத இன்னொரு வரியையும் வைக்க விரும்புகிறேன். 'யார் தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' என்று பாட்டிமார் சொல்வார்களே, அதில் ச்ச, ட்ட, த்த என்று இரட்டை மெய்கள்தான் இடம் மாறி மாறிக் காலை வாரும். அதே வழியில்:

சித்தி சட்டியில் பத்துச் சிப்பி,
பத்துச் சிப்பியைத் தட்டில் கொட்டி, தட்டைத் தட்டினாள் சித்தி.

அலோர் ஸ்டாரோ பட்டர்வொர்த்தோ, ழகரம் வரும் வீடோ வராத வீடோ, சித்தியும் சிப்பியும் இடம் மாறித்தான் வரும். 'சிப்பி சட்டியில் பத்துச் சித்தி' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டுச் சிரித்தால் வரி வேலை செய்கிறது என்று அர்த்தம். நாக்கு பிறழும்போது வேறொரு வேடிக்கையான பொருள் வந்து நின்றால் அதைவிட நல்லது கிடையாது.

அப்புறம் விடுகதை. 'கை உண்டு, தட்டாது, அது என்ன?' என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள், விடை கடிகாரம். நம் கடிகாரத்துக்குக் கை ஏது, முள்தானே. 'முள் உண்டு, குத்தாது' என்று மாற்றினால் ஒரு விடுகதை கிடைத்துவிடும், ஆனால் தளர்ந்த விடுகதை, ஏனென்றால் தராசுக்கும் முள் உண்டு. இரண்டு விடை சரியாக வந்தால், தராசு என்று சொன்ன பிள்ளையிடம் தப்பு என்று சொல்வது அநியாயம். எனவே மற்ற விடைகளுக்குக் கதவைச் சாத்த வேண்டும்:

நீள முள் ஒன்று, குட்டை முள் ஒன்று,
மீனும் இல்லை, ரோஜாவும் இல்லை,
நாளெல்லாம் சுற்றும், நகரவே நகராது. அது என்ன?

நீளமும் குட்டையும் சேர்ந்ததும் தராசு விலகிவிடும், மீனும் ரோஜாவும் முள்ளின் வேறு பொருளைக் காட்டிப் பிள்ளையைக் கொஞ்சம் திசைதிருப்பும்.

சரி, படம்? இதுபோன்ற பக்கத்தில் கடிகார முள்ளின் நுனியில் வெள்ளைக் கையுறை மாட்டி வரைந்திருப்பார்கள், ஆங்கிலத்தில் அது கை என்பதால். தமிழ்ப் பிள்ளை 'ஏன் கையுறை?' என்று கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்விக்கு விடைப் பக்கத்தில் ஒரு வரி போதும்: 'கடிகாரம்! முள் யாரையும் குத்திவிடக் கூடாதே என்று உறை போட்டிருக்கிறது.'